செமஸ்டர் நோட்ஸைப் பாடத்திட்டத் தலைப்புகளோடு இணைக்கும் வரைபடம்: படிப்படியாக

வகுப்பு நடந்த வரிசையில் நோட்ஸ் இருக்கும்; தேர்வோ பாடத்திட்ட வரிசையில் வரும். இரண்டையும் இணைக்க ஒரு தலைப்பு வரைபடம் போதும். உதாரணத்துக்கு இயற்பியலில் வெப்ப இயக்கவியல் அலகை எடுத்துக்கொள்வோம்.

1. பக்க எண் போடுங்கள். நோட்டுப் புத்தகம், தனித்தாள், பிரிண்ட் அவுட் எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் எண். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. பாடத்திட்டத்தை உடையுங்கள். அதிகாரப்பூர்வப் பாடத்திட்டத்தில் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "கார்னோ இயந்திரம் – பயனுறுதிறன் – கார்னோ தேற்றம் – என்ட்ரோபி". ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தலைப்பு. மூன்றாம் அலகு என்றால் 3.1, 3.2, 3.3, 3.4 என எண் கொடுங்கள். சொற்களை மட்டும் மாற்றாதீர்கள். கேள்வித்தாள் பெரும்பாலும் அதே சொற்களில்தான் கேட்கும்.

3. பக்கத்துக்குத் தலைப்பு எண். நோட்ஸைப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் பென்சிலால் எண்ணை எழுதுங்கள். இப்போது படிக்க உட்காராதீர்கள், வேலை நின்றுவிடும். 41-ஆம் பக்கத்தில் 600 K, 300 K வெப்பநிலைகளுக்கு இடையே இயங்கும் கார்னோ இயந்திரக் கணக்கு, விடை 50%. அது 3.2. அதே பக்கத்தின் அடியில் என்ட்ரோபியின் வரையறை தொடங்கினால் 3.4-ம் சேரும். எதிலும் சேராத பக்கத்துக்குக் கேள்விக்குறி.

4. வரைபடம். அலகுக்கு ஒரு பெரிய தாள், தலைப்புக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் நோட்ஸைத் திரும்ப எழுத வேண்டாம். பக்க எண்ணும் ஓர் எழுத்தும் போதும்: விளக்கத்துக்கு வி, நிரூபணத்துக்கு நி, கணக்குக்கு க.

3.2 பயனுறுதிறன்: 38 வி, 39 நி, 41 க
3.3 கார்னோ தேற்றம்: 40 வி

இந்த எழுத்துகள்தான் வரைபடத்தின் உயிர். வெறும் பக்க எண் மட்டும் இருந்தால் 3.3 முடிந்துவிட்டது போலத் தெரியும். 'நி' இல்லை என்றதும்தான், தேற்றத்தின் கூற்று மட்டும் இருக்கிறது, நிரூபணம் இல்லை என்பது பிடிபடும். நண்பரின் நோட்ஸில் எதைத் தேடுவது என்பதும் அப்போது தெளிவாகிவிடும். ஆனால் எல்லாக் கட்டத்திலும் மூன்று எழுத்தும் இருக்கவேண்டியதில்லை.

ஒரு கட்டத்தில் மட்டும் பக்க எண்கள் குவிந்தால் அந்தத் தலைப்பை 3.4அ, 3.4ஆ என்று பிரியுங்கள். கேள்விக்குறிப் பக்கங்கள் நிறைய இருந்தால், பழைய பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

5. அம்புக்குறிகள். கட்டங்கள் நிறைந்த பிறகே இது. வெறும் கோடு போடாமல், தொடர்பை ஒரு வரியாக அதன் மேல் எழுதுங்கள். கார்னோ சுழற்சியில் இரண்டு படிகள் வெப்பநிலை மாறாதவை, இரண்டு வெப்பப் பரிமாற்றம் இல்லாதவை. அந்த நிகழ்வுகள் இரண்டாம் அலகில் இருந்தால், அங்கிருந்து 3.1-க்கு ஓர் அம்பு: "நான்கு படிகளின் வேலையைக் கணக்கிட இவை வேண்டும்". அப்படி ஒரு வரி எழுத வரவில்லையென்றால் அந்த அம்பை அழித்துவிடுங்கள்.