ராகி மாவுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு: வீட்டுத் தொழில் செய்பவர்கள் தொடங்குவது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டிலிருந்தே முளைகட்டிய ராகி மாவு, சத்துமாவு, மாங்காய் ஊறுகாய் என்று ஏதாவது செய்து விற்கும் பெண்கள் நிறைய. பெரும்பாலும் ஒரே பாஸ்புக்தான். மாவு விற்ற பணமும் அதில்தான் விழும், மகளிர் உரிமைத் தொகையும் அதில்தான் விழும், பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போகும். மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பார்த்தால் தொழில் ஓடுகிறதா, வீடு தொழிலைத் தாங்குகிறதா என்றே தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 கிலோ ராகி வாங்கி, ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைக்கிறார். சுத்தம் செய்ததும் சலித்ததும் போக 80 கிலோ மாவு தேறுகிறது. அரைக்கிலோ பாக்கெட் 160, ஒன்று 90 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் தெரிந்தவர்கள் மூலமும் எல்லாம் விற்று 14,400 ரூபாய் வருகிறது. செலவு: ராகி 4,500, அரவைக் கூலி 1,000, கவரும் ஸ்டிக்கரும் 960, பஸ், ஆட்டோ 740, வறுக்க கேஸ் 500. மொத்தம் 7,700.

அதே கணக்கில் அவர் வீட்டுக்காரர் கொடுத்த 8,000 ரூபாயும் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் வருகின்றன. மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டு, மருந்து, வீட்டு கேஸ் எல்லாம் சேர்த்து 16,900 போகிறது. மாத ஆரம்பத்தில் பாஸ்புக்கில் 6,200 இருந்தது, கடைசியில் 5,000 இருக்கிறது.

அக்கா என்ன நினைப்பார்? "இவ்வளவு பாடுபட்டும் 1,200 ரூபாய் குறைஞ்சுதான் போச்சு, இந்த மாவு வேலையே வேண்டாம்." உண்மையில் மாவு அவருக்கு 6,700 ரூபாய் கொடுத்திருக்கிறது. 9,000 வருமானத்தில் 16,900 செலவு செய்தது வீடு. குறைந்த 7,900 ரூபாயில் 6,700ஐ மாவுதான் அடைத்தது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தொழில் நஷ்டத்தில் ஓடும், வீட்டுக்காரர் சம்பளம் அதை மூடி மறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பாஸ்புக்கில் பணம் இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

சரி, எப்படிப் பிரிப்பது?

1. ஒரு தேதியில் கோடு போடுங்கள்

மாதத்தின் முதல் தேதி வசதி. அன்றைக்குத் தொழிலுடையது என்று எதெல்லாம் இருக்கிறதோ அதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: கையில் இருக்கும் விற்பனைப் பணம், மூட்டையில் இருக்கும் ராகி, கட்டி வைத்த பாக்கெட், கடைக்காரர் தரவேண்டிய பாக்கி, நீங்கள் ராகி வியாபாரிக்குத் தரவேண்டிய பாக்கி. போன வருடக் கணக்கையெல்லாம் தோண்ட வேண்டாம். அதில் இறங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

அப்புறம், தொழிலுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு மாதக் கொள்முதல் முழுக்க இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாதி போதும். நம் அக்கா 6,200இல் 4,000ஐத் தொழிலுக்கு எடுத்து வைக்கிறார், ராகியை 50 கிலோவாக இரண்டு தடவை வாங்குகிறார்.

2. இரண்டாவது கணக்கு

இந்த அளவுத் தொழிலுக்கு எடுத்தவுடன் கரண்ட் அக்கவுண்ட் வேண்டியதில்லை. அதில் வட்டி கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் பொதுவாக அதிகம். உங்கள் பெயரிலேயே இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் சேமிப்புக் கணக்கில் வியாபாரம் செய்வதை வங்கி விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. தினமும் நிறைய வரவு விழ ஆரம்பித்தால் வங்கியே மாறச் சொல்லும். இதை ஒரு தற்காலிக ஏற்பாடாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்தன் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது அடிப்படை சேமிப்புக் கணக்கு வகை. அந்த வகைக் கணக்கு இருக்கும்போது அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பக்கத்தில் இருக்கும் வேறு வங்கிக்குப் போங்கள். கணக்கு தொடங்கும் முன் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். ராகி வாங்கிய வாரத்தில் கணக்கு வற்றத்தான் செய்யும்.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. புதுக் கணக்குப் படிவத்தில், அரசு உதவித்தொகையை இந்தக் கணக்கில் பெற ஆதாரை இணைக்கச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். கணக்கு தொடங்க ஆதாரைக் காட்டுவது வேறு, இது வேறு. இதில் டிக் அடித்தால் ஆதார் வழியாக வரும் கேஸ் மானியம் முதலிய தொகைகள் புதுக் கணக்குக்குத் தாவிவிடும், ஏனென்றால் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கேதான் அவை போகும். தொழில் கணக்கில் இந்த டிக் வேண்டாம் என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். 436 ரூபாய், 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களும் வீட்டுக் கணக்கிலேயே இருக்கட்டும்.

3. கியூஆர் அட்டையை மாற்றுங்கள்

புதுக் கணக்கு தொடங்கியும் பணம் பழைய கணக்கிலேயே விழுந்துகொண்டிருப்பது சகஜம். ஒரே ஆப்பில் இரண்டு வங்கிக் கணக்கையும் சேர்க்கலாம், ஆனால் வரவு முதன்மையாகக் குறித்திருக்கும் கணக்கில்தான் விழும். புதுக் கணக்குக்கென்று தனி யுபிஐ ஐடி உருவாக்கி, அதன் கியூஆரை அச்சிட்டு, பழைய அட்டையைக் கிழித்துப் போடுங்கள். ஆப்பில் சில பேர் கியூஆர் பார்க்காமல் போன் நம்பருக்கே அனுப்புவார்கள். அது எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது தனி அமைப்பு.

சோதிப்பது எளிது. வீட்டில் யாரையாவது கியூஆருக்கு ஒரு ரூபாய், உங்கள் நம்பருக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு ரூபாயும் எந்தக் கணக்கில் விழுந்தன என்று பாருங்கள். நம்பருக்கு வருவது வீட்டுக் கணக்குக்குப் போனாலும் பரவாயில்லை. வாடிக்கையாளர்களிடம் கியூஆர் மட்டும் கொடுத்தால் போதும்.

சந்தையில் ரொக்கமும் வரும். அதற்கு ஒரு தனி டப்பா வையுங்கள். டப்பாவிலிருந்து ராகிக்கோ கவருக்கோ கொடுக்கலாம், பாலுக்கும் தக்காளிக்கும் கொடுக்கக் கூடாது. சந்தை முடிந்த மறுநாள் டப்பாவில் சில்லறைக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை வங்கியில் கட்டிவிடுங்கள்.

4. உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள்

பிரிப்பதில் மற்றதெல்லாம் ஒருநாள் வேலை, இதுதான் தொடர்ந்து செய்ய வேண்டியது. தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குப் பணம் போகும் ஒரே வழி, நீங்கள் செய்யும் பரிமாற்றமாக இருக்க வேண்டும். பள்ளிக் கட்டணத்தைத் தொழில் கணக்கிலிருந்து நேராகக் கட்டாதீர்கள். வீட்டுக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து கட்டுங்கள். சுற்றி வளைப்பதாகத் தோன்றும், ஆனால் அப்போதுதான் பாஸ்புக்கே உங்கள் கணக்கு நோட்டாக மாறும்.

நம் அக்காவுக்கு விற்பனை வாராவாரம் வருவதால் சம்பளமும் வாராவாரம். திங்கட்கிழமை 1,050 ரூபாய், நான்கு வாரத்துக்கு 4,200. குறிப்பில் "சம்பளம்" என்று எழுதுகிறார். வீட்டு கேஸ் சிலிண்டரிலேயே ராகி வறுப்பதால், அதில் தொழில் பங்கு மாதம் 500 என்று ஒரு தடவை முடிவு செய்து, அதைத் தனியாக மாற்றுகிறார். கிராம் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

இந்த மாதம் மீண்டும் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தொழில் கணக்கு 4,000இல் தொடங்கி, 14,400 வந்து, 7,700 செலவாகி, 4,200 சம்பளம் போய், 6,500இல் நிற்கிறது. வீட்டில் 2,200 இருந்தது, 9,000 வந்தது, சம்பளம் 4,200 வந்தது, ஆக 15,400. செலவு 16,900. இன்னும் 1,500 பற்றவில்லை. அக்கா தொழில் கணக்கிலிருந்து 1,500 எடுக்கிறார், குறிப்பில் "வீட்டுக்குக் கூடுதல்" என்று எழுதுகிறார். தொழிலில் 5,000 மிச்சம், வீட்டில் ஒன்றுமில்லை.

மொத்தம் அதே 5,000தான். எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு முடை வந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது மாவு தன் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு 4,000இலிருந்து 5,000 ஆகியிருப்பதும், வீடு 1,500 ரூபாய் மீறியதும் தனித்தனி வரியாகத் தெரிகின்றன. மூன்று மாதம் "கூடுதல்" வரி வந்துகொண்டே இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் சீட்டும் மளிகையும், ராகி இல்லை.

அவசரத்தில் தவறான கணக்கிலிருந்து கொடுத்துவிட்டால் அதே தொகையை அன்றே திருப்பி மாற்றுங்கள், முழு எண்ணாக்காமல். 740 கொடுத்தீர்களா, 740. சொந்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பாக்கெட்டுகளை நோட்டில் எழுதினால் போதும். எழுதாவிட்டால் ராகி எங்கே போனது என்று பிறகு தேடுவீர்கள்.

பாஸ்புக் காட்டாதவை

ராகி அறுவடை முடிந்து விலை இறங்கும்போது 300 கிலோ வாங்கிப் போட்டால் தொழில் கணக்கு காலியாகத் தெரியும். அது நஷ்டம் இல்லை, பணம் மூட்டையில் இருக்கிறது. அதனால் மாதக் கடைசியில் இருப்பு எழுதும்போது கணக்கு, டப்பா, மூட்டை, வரவேண்டிய பாக்கி நான்கையும் எழுதி, தரவேண்டிய பாக்கியைக் கழியுங்கள்.

மகளிர் குழுக் கடன் வாங்கினாலும் இதே குழப்பம் வரும். 50,000 கடனில் 20,000 அரவை மெஷினுக்கும் மீதி கல்யாணச் செலவுக்கும் போனால், தவணையில் ஐந்தில் இரண்டு பங்குதான் தொழிலுடையது. தவணையை வீட்டுக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, அந்தப் பங்கை மட்டும் தொழில் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்தப் பிரிவு உங்கள் வசதிக்குத்தான், சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே ஆளின் பணம். பான் ஒன்றுதான். வருமான வரிக்கு இரண்டு கணக்கின் வருமானமும் சேரும், தொழில் கடனுக்கு வீட்டுச் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டும்.

கரண்ட் அக்கவுண்டுக்கு எப்போது?

கடைகள் உங்கள் தொழில் பெயரில் செக் கொடுக்க ஆரம்பித்தாலோ, வங்கி கேட்டாலோ மாறுங்கள். தொழில் பெயரில் பொதுவாக இரண்டு சான்று கேட்பார்கள். உத்யம் பதிவு ஒன்று, உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இன்னொன்று. உத்யம் பதிவு ஆதாரும் பானும் இருந்தால் udyamregistration.gov.in தளத்தில் இலவசம். பிரவுசிங் சென்டரில் செய்தால் தட்டச்சுக்கூலி மட்டும் கொடுங்கள், "சான்றிதழ் கட்டணம்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு சான்றிலும் தொழில் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். ஒன்றில் 'டிரேடர்ஸ்', இன்னொன்றில் 'ஃபுட்ஸ்' என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.