பாட்டுத் தாள் அச்சுக்குப் போகுமுன்

மெட்டுத் தெரிந்தவர் பிழை பார்த்தால் வாய் பாடிக்கொண்டே போகும், கண் எழுத்தைத் தாண்டிவிடும். ஆகவே கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். ண/ன, ர/ற, ல/ள/ழ குழப்பங்கள் அப்போதுதான் தெரியும்.

வரி உடைப்பில் அதிகம் கெடுவது ஒற்று. ஒடுங்கிய பத்தியில் ‘கடலைத் தேடி வந்த காற்றே’ என்ற வரி ‘கடலைத்’ என்பதோடு முறிந்தால், அந்த ‘த்’ அந்தரத்தில் தொங்கும். பாடுபவரும் அங்கே மூச்சு விடுவார். எழுத்தை ஒரு புள்ளி சிறிதாக்குங்கள். இடம் போதாவிட்டால் ‘வந்த’ என்பதற்குப் பிறகு நீங்களே உடையுங்கள்.

வரி முடிவில் காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா என்று முதலே தீர்மானியுங்கள். வேண்டாம் என்பதே என் கட்சி. வரி முடிவே போதிய நிறுத்தம். வரி நடுவே வருபவற்றை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.

கொழும்பில் சில அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான். அதில் காற்புள்ளி விசையை அழுத்தினால் ‘இ’ விழும். காற்புள்ளிக்கு > அடிக்க வேண்டும். ப்ரூஃப் கைக்கு வந்ததும் சொல்லோடு ஒட்டிய அநாதை ‘இ’க்களைத் தேடுங்கள்.