அகார் கட்டிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரணு ஏன் சிறியது என்று காட்ட, நீல அகார் கட்டிகளை வினிகரில் ஊற வைத்து எவ்வளவு நிறம் மாறியது என்று கணக்குப் போடும் சோதனை இது. போன சனிக்கிழமை டியூஷனில் படிவம் 4 பையன் ஒருவன் அதன் அட்டவணையை நீட்டினான். 1 செ.மீ. கட்டியில் 87.5 விழுக்காடு நிறம் மாறியதாம். கட்டியோ அவன் முன்னாலேயே இரண்டாக வெட்டிக் கிடக்கிறது; நடுவில் பொட்டளவு நீலம்கூட இல்லை. சுங்கை சிப்புட்டில் நான் படித்த காலத்தில் நானும் இதையேதான் எழுதினேன். இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கூட்டல் பிழை, அளவுகோல் பிழை எல்லாம் தானாகத் திருந்திவிடும். இது திருந்தாது.

ஆழத்தை ஒரே முறை கழிப்பது

சங்குப்பூச் சாற்றில் அகார் அகார் காய்ச்சி, ஆறியதும் 1, 2, 3 செ.மீ. கனசதுரங்களாக வெட்டி வினிகரில் மூழ்க வைக்கிறோம். புளிப்பு ஊறிய இடமெல்லாம் நீலம் ஊதாவாகும். பெரிய கட்டியில் 5 மி.மீ. ஊறியதும் மூன்றையும் எடுத்து நடுவே வெட்டிப் பார்க்கிறோம்.

பையன் 3-இலிருந்து 0.5 கழித்து, நீல நடுப்பகுதியின் பக்கம் 2.5 செ.மீ. என்று போட்டான். "கணக்கு சரிதானே சார்?" என்கிறான். வினிகர் இடது பக்கம் மட்டுமா ஊறியது? வலது பக்கமும் 0.5 போயிருக்கிறதே! மீதி 2 செ.மீ. அதன் கொள்ளளவு 8. மொத்தம் 27, அப்படியானால் 19 ஊதா, அதாவது 70 விழுக்காடு. 2 செ.மீ. கட்டியில் மீதி 1. 8-இல் 7 ஊதா, 87.5 விழுக்காடு. 1 செ.மீ. கட்டியில் மீதி எதுவுமில்லை, முழுக்க ஊதா.

ஒரே முறை கழித்தால் பெரிய கட்டிக்கு 42 விழுக்காடுதான் வரும், சின்னதில் இல்லாத நீலமும் முளைக்கும். உயிரணு ஏன் சிறியது என்பதற்கான விடை அந்த நீலத்தில்தான் இருக்கிறது. உயிர்வளி எட்டாத நடுப்பகுதி அது. சின்ன உயிரணுவில் அப்படி ஒரு நடுப்பகுதியே இருக்காது.

சின்னக் கட்டியில் வேகமாக ஊறும் என்பது

இல்லை. ஆழம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், பங்குதான் வேறு.

கட்டியைத் திருப்பாமல் விடுவது

கிண்ணத்தில் ஒட்டிய அடிப்பக்கம் நீலமாகவே நிற்கும்.

அலகை விட்டுவிடுவது

1 செ.மீ. கட்டிக்கு மேற்பரப்பு 6, கொள்ளளவு 1, மேற்பரப்பைக் கொள்ளளவால் வகுத்த விகிதம் 6. அதே கட்டியை மில்லிமீட்டரில் போட்டால் 600-ஐ 1000 வகுக்கும், விகிதம் 0.6 ஆகிவிடும். கட்டி மாறவில்லை, அலகுதான் மாறியது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே அலகில் போடுங்கள். 0.01 மி.மீ. பக்கமுள்ள கனசதுர உயிரணுவை மில்லிமீட்டரிலேயே போட்டால் 600 வரும், நம் கட்டியைவிட ஆயிரம் மடங்கு.

மேற்பரப்பு குறைகிறது என்று எழுதுவது

கட்டி பெரிதாகப் பெரிதாக மேற்பரப்பும் கூடத்தான் செய்கிறது. கொள்ளளவு அதைவிட வேகமாகக் கூடுகிறது, அவ்வளவே.

அப்புறம் ஒருத்தி கேட்டாள்: "கருவுறாத கோழிமுட்டையின் மஞ்சள் கரு ஒரே உயிரணுதானே சார், அது மட்டும் எப்படி அவ்வளவு பெரிதாக இருக்கிறது?" நல்ல கேள்வி. அந்த மஞ்சளில் பெரும்பகுதி சேமித்த உணவு, வேலை செய்யும் பொருள் அல்ல. வேலை நடக்கும் பகுதி மேலே தெரியும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளிதான்.