புது பிராசஸர் போட்டதும் திரையில் ஒன்றும் வரவில்லையா? பழைய பயாஸைப் புதுப்பிக்கும் முறை

பிராசஸரை மாற்றி, பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்கிறது. பிராசஸர் சாக்கெட்டில் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, வாங்கியதும் புதுசு. இப்படிப்பட்ட கேஸ்களில் பல நேரம் பிராசஸரும் போர்டும் நல்ல நிலையில்தான் இருக்கும். போர்டில் இருக்கும் பயாஸ்தான் பழசாக இருக்கும்.

பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது பயாஸ். பிராசஸரை எழுப்புவது, ரேமைப் பழக்குவது, திரைக்குப் படம் அனுப்புவது எல்லாமே அதன் வேலை. ஒவ்வொரு பிராசஸர் தலைமுறைக்கும் தனித்தனித் தொடக்கக் குறிப்புகள் அதற்குள் இருக்க வேண்டும். ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 போர்டுகள் 2018இல் வந்தவை. ரைசன் 5 5600 வந்தது 2022இல். 2019இல் வாங்கிய போர்டின் பயாஸுக்கு இப்படி ஒரு பிராசஸர் இருப்பதே தெரியாது. சாக்கெட் ஒன்றாக இருப்பதால் பொருந்திவிடும், ஆனால் கிளம்பாது.

கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவருக்கு நடந்தது இதேதான். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டர், பி450 போர்டு, ரைசன் 3 2200ஜி. அதை எடுத்துவிட்டு 5600 போட்டிருக்கிறார். “தம்பி, டூப்ளிகேட் பிராசஸரைத் தள்ளிட்டாங்க போல, கோயம்புத்தூர் போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வரேன்” என்று போனில் சொன்னார். “அண்ணா, பழைய பிராசஸர் கையில இருக்குல்ல? அது இருந்தா மலை இறங்க வேண்டாம்” என்றேன். அவருடைய கம்ப்யூட்டரை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பயாஸ்தான் காரணமா என்று பாருங்கள்

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். 2200ஜி-க்குள் கிராபிக்ஸ் உண்டு, அதனால் கேபிள் போர்டின் எச்டிஎம்ஐ-யில் இருந்திருக்கும். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு அதில்தான் கேபிளைச் செருக வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், பயாஸ் சரியாக இருந்தாலும் திரை கருப்பாகத்தான் இருக்கும். அண்ணனிடம் கார்டு இருந்தது. ஆனால் கேபிள் பழைய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது! கார்டுக்கு மாற்றியும் படம் வரவில்லை என்பதால் அடுத்ததைப் பார்த்தோம்.

பிராசஸருக்கு அருகே போர்டின் மேல்மூலையில் செருகும் நான்கு அல்லது எட்டு முள் பவர் கேபிள் விட்டுப்போயிருக்கலாம். ரேமை ஒருமுறை கழற்றி ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். சில போர்டுகளில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். பயாஸ் பழசாக இருந்தால் பெரும்பாலும் சிபியூ விளக்கோ டிராம் விளக்கோ அணையாமல் நிற்கும். விளக்கே இல்லாத போர்டில் கீபோர்டின் நம்லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறவே இல்லை என்றால் பயாஸ் தன் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள்.

உறுதியான சோதனை ஒன்றுதான். பழைய பிராசஸரைப் போட்டால் எல்லாம் பழையபடி ஓடுகிறதா? ஓடினால் சந்தேகம் பயாஸ் மேல்தான். எப்படியும் அடுத்து அதைத்தான் செய்யப் போகிறோம்.

படி 2: பழைய பிராசஸரைத் திரும்பப் போடுங்கள்

சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் உருவிவிடுங்கள். கூலரின் ஸ்க்ரூவையோ கொக்கியையோ விடுவித்த பிறகு நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்4 பிராசஸரில் முட்கள் பிராசஸரிலேயே இருக்கின்றன. கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இறுகியிருந்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும், முட்கள் வளைந்துவிடும். நம் ஊர்க் குளிரில், அதுவும் மார்கழி காலையில், பல வருடப் பேஸ்ட் கல்லாகிக் கிடக்கும். ஓடுகிற கம்ப்யூட்டராக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்கி, பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். இப்போது கிளம்பாமல் நிற்கும் புது பிராசஸரில் பேஸ்ட் ஈரமாகவே இருக்கும், அதனால் அவ்வளவு பயமில்லை. ஆனாலும் திருகித்தான் எடுக்க வேண்டும்.

லீவரைத் தூக்கி, பிராசஸர் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணக் குறியோடு சேர்த்து வையுங்கள். தானாக இறங்க வேண்டும், விரலால் அழுத்தவே கூடாது. மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகக் கொஞ்சம் வையுங்கள். மானிட்டர் கேபிள் கார்டிலேயே இருக்கட்டும். கார்டைக் கழற்றியிருந்தால் மட்டும் போர்டில் செருகுங்கள்.

படி 3: போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும்

விண்டோஸ் திறந்ததும் பவர்ஷெல்லில் இந்த இரண்டு வரிகளைக் கொடுங்கள்:

```
Get-CimInstance Win32_BaseBoard | Select Manufacturer, Product, Version
Get-CimInstance Win32_BIOS | Select SMBIOSBIOSVersion, ReleaseDate
```

முதல் வரி போர்டின் பெயரைச் சொல்லும், இரண்டாவது பயாஸ் பதிப்பையும் தேதியையும். பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு போர்டு. போர்டின் ஓரத்தில் ரிவிஷன் எண் அச்சிட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வந்து, இரண்டுக்கும் பயாஸ் வேறாக இருப்பதுண்டு.

போர்டு தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அந்த மாடலின் பக்கத்தைத் திறங்கள். பிராசஸர் பட்டியலில் 5600-க்கு நேரே ‘இந்தப் பதிப்பு முதல்’ என்று ஒரு பயாஸ் எண் இருக்கும். 5600, 5600எக்ஸ், 5600ஜி மூன்றும் வேறு வேறு பிராசஸர்கள், தேவைப்படும் பதிப்பும் மாறலாம். உங்களுடையதன் வரியை மட்டும் படியுங்கள். பட்டியலிலேயே அது இல்லையென்றால் எந்தப் பயாஸும் உதவாது, திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

டவுன்லோடு பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பையும் விடாதீர்கள். ‘முதலில் இன்ன பதிப்புக்குப் போய்விட்டு இதைப் போடவும்’ என்று சில பழைய போர்டுகளுக்கு இருக்கும். ‘இதைப் போட்டால் இன்ன பழைய பிராசஸர்கள் ஓடாது’ என்றும் இருக்கலாம். பயாஸ் சிப்பில் இடம் கொஞ்சம்தான், புதியவர்களுக்கு இடம் கொடுக்கச் சில போர்டுகளில் பழையவர்களை வெளியேற்றிவிட்டார்கள். பீட்டா பதிப்பைத் தொட வேண்டாம்.

படி 4: பென்டிரைவ்

32 ஜிபி-க்கு மேற்படாத பென்டிரைவை `FAT32` முறையில் பார்மட் செய்யுங்கள். இறக்கிய ஜிப் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருக்கும் பயாஸ் ஃபைலைப் பென்டிரைவில் வெளியிலேயே வையுங்கள். ஜிப்பாகவே போட்டால் பயாஸ் கண்டுகொள்ளாது.

அப்படியே இன்னொன்று. விண்டோஸ் டிரைவ் பிட்லாக்கரில் பூட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

```
manage-bde -protectors -get C:
```

48 இலக்க எண் ஒன்று வந்தால் தாளில் எழுதிவையுங்கள். எதற்கு என்று கடைசிப் படியில் தெரியும்.

படி 5: பயாஸை ஏற்றுவது

எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகலாம். மழைக்காலத்தில் எங்கேயோ ஒரு மரம் லைன் மேல் சாய்ந்து கோத்தகிரி முழுக்க இருட்டாவது நமக்குப் புதிதில்லை. யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். அந்த யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினாலும் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். பாட்டரி செத்த யுபிஎஸ் இருந்தும் இல்லாததுதான். அன்று மழை தூறியதால் அண்ணனை மறுநாள் காலைவரை காத்திருக்கச் சொன்னேன். முணுமுணுத்தார், ஆனால் காத்திருந்தார்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, `Del` பட்டனை விடாமல் தட்டிப் பயாஸுக்குள் போங்கள். ஏற்றும் கருவிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ஜிகாபைட்டில் `Q-Flash`, எம்எஸ்ஐ-யில் `M-Flash`, ஆசஸில் `EZ Flash`, ஆஸ்ராக்கில் `Instant Flash`. அதைத் திறந்து பென்டிரைவில் உள்ள ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸுக்குள்ளிருந்தே ஏற்றும் மென்பொருள்களும் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை, நடுவில் விண்டோஸ் உறைந்தால் யார் பதில் சொல்வது?

சில நிமிடம் ஓடும். சதவீதம் ஒரே இடத்தில் நின்றாலும், திரை கொஞ்ச நேரம் கருத்தாலும் கை வைக்காதீர்கள். முடிந்து தானே ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி பயாஸுக்குள் போய்ப் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பழைய பிராசஸரை விற்றுவிட்டவர்கள் போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். `Flash BIOS`, `BIOS Flashback`, `Q-Flash Plus` இதில் ஏதாவது எழுதிய பட்டன் இருந்தால் அதிர்ஷ்டம். சில போர்டுகளில் அது உள்ளே போர்டின் மேலேயே இருக்கும். பிராசஸரே இல்லாமல் அதை அழுத்திப் பயாஸ் ஏற்றலாம். அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில்தான் பென்டிரைவைச் செருக வேண்டும். ஃபைலுக்கும் குறிப்பிட்ட பெயர் வேண்டும்: எம்எஸ்ஐ-க்கு `MSI.ROM`, ஜிகாபைட்டுக்கு `GIGABYTE.bin`. மற்றவற்றுக்குப் போர்டின் கையேட்டைப் பாருங்கள். விளக்கு மினுக்கி ஓயும்வரை காத்திருங்கள். பட்டனும் இல்லை, பிராசஸரும் இல்லை என்றால் சர்வீஸ் கடையில் பழைய ஏஎம்4 பிராசஸர் ஒன்றை அரை மணி நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

படி 6: புதுசைப் போட்டு முதல்முறை கிளப்புவது

கம்ப்யூட்டர் சூடாக இருக்கும்போதே அணைத்து, படி 2 போலவே மாற்றுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கட்டும். முதல்முறை ரேமைப் பழக்கச் சில நிமிடம் ஆகலாம், தானே ஒன்றிரண்டு முறை அணைந்து எழும்பவும் செய்யும். ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்கும் மேல் போனால் அணைத்து, போர்டிலுள்ள வட்ட பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

படம் வந்ததும் `fTPM` என்ற சொல்லோடு, `Y` அல்லது `N` அழுத்தச் சொல்லி ஓர் ஆங்கில அறிவிப்பு வரலாம். அண்ணன் இதைப் பார்த்துத்தான் மிரண்டார். பழைய பிராசஸரோடு பிணைந்த பாதுகாப்புச் சாவிகளைப் புதியதால் பயன்படுத்த முடியாது, அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கிறது, அவ்வளவுதான். பிட்லாக்கர் இல்லையென்றால் `Y` கொடுங்கள். இருந்தால், எழுதிவைத்த 48 இலக்க எண் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு `Y` கொடுங்கள். விண்டோஸ் அதைக் கேட்கும். லாகின் பின் நம்பரையும் புதிதாக வைக்கச் சொல்லலாம்.

பயாஸ் புதுப்பித்தால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும். ரேம் வேகத்துக்கான `XMP`-ஐ மறுபடி இயக்குங்கள். விண்டோஸைப் பழைய லெகசி முறையில் நிறுவியிருந்தால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று நிற்கும். `CSM` என்பதை இயக்கினால் திறந்துவிடும்.