ஜிடிபி காட்டாத கணக்கு: ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பை வைத்துப் போட்டுப் பார்ப்போம்

ஜிடிபியைக் குறைசொல்லிக் கட்டுரை எழுதுபவர்கள் பெரும்பாலும் பூடானின் மகிழ்ச்சிக் குறியீட்டைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். படிப்பவருக்கு அதனால் எதுவும் பிடிபடுவதில்லை. நம் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒன்றை எடுத்து, இரண்டு பத்தியில் கணக்குப் போட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை எடுத்துக்கொள்வோம். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த புயல் அது.

இங்கே வரும் விலையும் எண்ணிக்கையும் கணக்கைக் கற்றுக்கொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: புயலுக்கு முந்தைய ஆண்டு

ஏழு மீட்டருக்கு ஒரு மரம் என்று நட்டால் ஒரு ஏக்கரில் சுமார் 80 மரம் நிற்கும். மரத்துக்கு 5 கிலோ கொட்டை, கிலோ 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். ஜிடிபியில் சேர்வது இதுதான். உரம், மருந்து விற்றவருடைய வருமானத்தைத் தனியாகக் கூட்டாதீர்கள். கொட்டையின் விலைக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படி 2: புயலுக்குப் பிந்தைய ஆண்டு, ஜிடிபி முறையில்

60 மரம் சாய்ந்துவிட்டது என்று வைப்போம். மீதி 20 மரத்தில் 10,000 ரூபாய்க்குக் கொட்டை கிடைக்கிறது. அடிமரத்தைத் தோண்டியெடுக்கப் பொக்லைன், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 18,000. ஒட்டுக்கன்று வாங்கி, குழியெடுத்து, எருப்போட்டு நட கன்றுக்கு 300 வீதம் இன்னொரு 18,000. மறுநடவுக்காக நிலத்தைச் சீராக்குவதும் கன்று நடுவதும் முதலீடு என்று ஜிடிபியில் ஏறும். டீசலில் இறக்குமதியான பங்கைக் கழிக்க வேண்டும். எளிமைக்காக இங்கே அதை விட்டுவிடுவோம்.

கூட்டினால் 46,000. தோப்பில் முக்கால்வாசி போன பிறகு, இந்த ஏக்கரின் பெயரில் ஜிடிபி 6,000 ரூபாய் கூடியிருக்கிறது!

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கொட்டை விளைச்சல் 30,000 ரூபாய் குறைந்ததை ஜிடிபி மறைக்கவில்லை. அது முழுதாகப் பதிவாகியிருக்கிறது. பதிவாகாதது மரம்.

படி 3: சாய்ந்த மரத்துக்கு விலை போடுவது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், விமர்சனத்தின் கனமெல்லாம் இதில்தான் இருக்கிறது. காய்க்கிற மரம் இனிவரும் பல ஆண்டுகளுக்கான வருமானம். ஆகவே கூலி உட்பட எல்லாச் செலவும் போக, ஒரு மரம் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம் தரும் என்று முதலில் பாருங்கள். நம் கணக்கில் 500 ரூபாய் விளைச்சலுக்கு 300 செலவு, மிச்சம் 200. இன்னும் 15 ஆண்டு காய்த்திருக்கும் என்று கொள்வோம்.

200-ஐ 15-ஆல் பெருக்கி 3,000 என்று எழுதிவிடக் கூடாது. பதினைந்தாம் ஆண்டில் வரும் 200 ரூபாயும் இன்று கையில் இருக்கும் 200 ரூபாயும் ஒன்றல்லவே. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் கழிவு வீதத்தை 8 சதவீதம் என்று வைத்து, விரிதாளில் இப்படித் தட்டுங்கள்:

```
=PV(8%,15,-200)
```

விடை சுமார் 1,712 ரூபாய். 60 மரத்துக்கு ஏறத்தாழ 1,02,700. புதிதாக நட்ட கன்றுகளை நட்ட செலவின் மதிப்பிலேயே சொத்தாகச் சேர்த்து, 18,000-ஐக் கழித்துவிடுங்கள். அடிமரம் தோண்டிய செலவை நான் சேர்க்கவில்லை, சாய்ந்ததை அப்புறப்படுத்தத்தான் அந்தப் பணம் போனது. அப்படியென்றால் நிகரச் சொத்து இழப்பு 84,700 ரூபாய்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஜிடிபி: 6,000 கூடுதல். சொத்து: 84,700 குறைவு. உங்கள் கட்டுரையின் நடுப்பத்தி இதுதான்.

கழிவு வீதத்தை மறக்காமல் குறிப்பிடுங்கள். 8-க்குப் பதிலாக 4 சதவீதம் வைத்தால் அதே 60 மரம் 1,33,400 ரூபாய் ஆகிவிடும். வீதத்தைச் சொல்லாமல் விடையை மட்டும் எழுதுபவரை நம்ப முடியாது.

படி 4: 'தேய்மானம் கழித்தால் போதாதா?' என்ற கேள்விக்குப் பதில்

பொருளியல் படித்தவர் யாராவது இதைக் கட்டாயம் கேட்பார். ஜிடிபியிலிருந்து தேய்மானத்தைக் கழித்து நிகர உள்நாட்டு உற்பத்தி என்று ஒன்று போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் தேசியக் கணக்கு முறையின் விதிப்படி, புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் அழிந்த சொத்து தேய்மானத்தில் சேராது. சொத்துகளின் அளவில் ஏற்பட்ட 'பிற மாற்றங்கள்' என்று வேறொரு கணக்குக்குப் போய்விடும். ஆக, நம்முடைய 60 மரம் நிகர உற்பத்தியிலும் குறையாது.

மனிதவள மேம்பாட்டுக் குறியீடும் இதற்குக் கைகொடுக்காது. ஆயுள், கல்வி, வருமானம் என்ற மூன்றில் வருமானப் பகுதி தலைக்கு எவ்வளவு தேசிய வருமானம் என்பதைத்தான் பார்க்கிறது. மரம் அதிலும் இல்லை.

இது புதுக் குறையும் அல்ல. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் வகுத்த சைமன் குஸ்நெட்ஸே, மக்களின் நலனை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது என்று 1934-இல் எச்சரித்தார். இந்தியாவில் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான நிபுணர் குழு, இயற்கை வளம் உட்பட நாட்டின் சொத்து முழுவதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று 2013-இல் அறிக்கை கொடுத்தது.

படி 5: மாற்றுக் குறியீட்டை முன்வைப்பது

பத்துப் பன்னிரண்டு குறியீடுகளை அடுக்காதீர்கள். கடலூருக்கு நான் இரண்டு கேட்பேன்.

முதலாவது, மாவட்ட உற்பத்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே தலைக்கு எவ்வளவு சொத்து கூடியது அல்லது குறைந்தது என்ற எண். மரத்துக்கு நாம் போட்ட அதே வழியில் நிலத்தடி நீருக்கும், நெய்வேலியில் தோண்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் போடலாம். நிலக்கரியை வெட்டி விற்பதை ஜிடிபி வரவாக மட்டும்தான் பார்க்கிறது. பூமிக்குள் அந்த அளவு குறைந்துபோனதை அது கழிப்பதில்லை.

இரண்டாவது, வேலை நாட்கள். சொத்துக் கணக்குக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: சொத்து உள்ளவரின் இழப்பை மட்டுமே அது காட்டும். முந்திரி உடைக்கிற பெண்ணின் விரல்கள் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து போயிருக்கும். அவருக்குச் சொந்தமாக ஒரு மரம்கூட இருக்காது. உள்ளூர்க் கொட்டை வரத்து நின்றால் அவர் இழப்பது நாள்கூலியை. ஆகவே உடைப்புக் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, நாளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று தனியாக எடுக்க வேண்டும். இதைச் சொத்து எண்ணோடு சேர்த்து ஒரே சராசரியாக்கக் கூடாது. ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தை மூடிவிடும்.

படி 6: தகவல் திரட்டும்போது

'முந்திரிப் பரப்பு இத்தனை ஏக்கர்' என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். சாய்ந்த இடத்தில் கன்று நட்டுவிட்டால் பரப்பு அப்படியேதான் இருக்கும். ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்கவே மூன்று ஆண்டு போல ஆகும், முழு விளைச்சலுக்கு அதைவிட அதிகம். தோப்புக்காரரிடம் மூன்று எண்ணிக்கையாகக் கேளுங்கள்: இன்னும் காய்க்காத கன்று எத்தனை, காய்க்கத் தொடங்கியது எத்தனை, முழுதாகக் காய்ப்பது எத்தனை. காய்க்காத கன்றுக்குப் படி 3-இல் செய்தது போல நட்ட செலவையே மதிப்பாக வையுங்கள். மற்ற இரண்டுக்கும் மீதமுள்ள ஆண்டும் ஆண்டு மிச்சமும் வேறு என்பதால், அதே படியில் உள்ள சூத்திரத்தை இரண்டு முறை தனித்தனியாகப் போட்டு, பிறகு மூன்றையும் கூட்டுங்கள்.