சமநிலைக் கணக்கில் x-ஐ எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது

ஈரோட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதிச்சமநிலைக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். கூட்டல் கழித்தல் பிழைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அவை தானாகச் சரியாகிவிடும். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்து, பழைய பிள்ளைகள் விட்ட அதே இடத்தில் மார்க்கை விடுகிறார்களே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

2-ஐ ஒரு இடத்தில் மட்டும் போடுவது

டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து நைட்ரஜன் டைஆக்சைடு ஆகிறது. 298 K-இல் Kp = 0.14 என்று எடுத்துக்கொள்வோம். மூடிய கலனில் தொடக்கத்தில் N2O4 மட்டும், 1 அட்மாஸ்பியர்.

```
             N2O4       2NO2
தொடக்கம்      1.00       0
மாற்றம்       -x         +2x
சமநிலை       1.00 - x   2x
```

சமன்பாட்டில் உள்ள 2 இரண்டு வேலை செய்கிறது. மாற்ற வரியில் 2x ஆகிறது, Kp கோவையில் அடுக்காகவும் ஏறுகிறது. ஆகவே மேலே (2x)², அதாவது 4x². அட்டவணையில் 2x என்று சரியாக எழுதிவிட்டு, கோவையில் 2x² என்று அடைப்புக்குறி இல்லாமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

சரிபார்க்காமல் சரிபார்ப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது.

Kp = 4x²/(1 − x) = 0.14. இருபடிச் சமன்பாட்டைக் கண்டதும் பயம் வந்து, "x சின்னது" என்று சொல்லிக் கீழே இருக்கும் x-ஐத் தூக்கிவிடுகிறார்கள். அப்போது 4x² = 0.14, x = 0.187. அப்படித் தூக்கிப் பார்ப்பதில் தவறில்லை. தவறு அடுத்த வரியில் இருக்கிறது. போன வாரம் ஒரு பையனிடம், "சரிபார்த்தியா கண்ணு?" என்று கேட்டேன். "போட்டுப் பாத்துட்டனுங்க சார், 0.14 கரெக்டா வருதுங்க" என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தால், x-ஐ 4x²-இல் போட்டிருக்கிறான். x-ஐத் தூக்கிய கோவையிலிருந்து வந்த விடை, அதே கோவையில் போட்டால் 0.14 வராமல் வேறு என்ன வரும்? மஞ்சள் மூட்டையைக் கோளாறான தராசில் நிறுத்திவிட்டு, சந்தேகம் தீர அதே தராசில் மறுபடி வைப்பது போலத்தான் இது.

முழுக் கோவையில் போட வேண்டும். 4 × 0.187² ≈ 0.140. அதை 1 − 0.187 = 0.813-ஆல் வகுத்தால் 0.172 வருகிறது. கொடுத்தது 0.14. அனுமானம் செல்லாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, x தொடக்க அளவில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. இங்கே 18.7 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் விடலாம் என்பது வழக்கம். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். இந்த மாதிரி x² வரும் கணக்கில், விட்டுவிட்ட பங்கில் ஏறக்குறைய பாதிதான் விடையில் பிழையாக இறங்கும். 5 சதவீதம் விட்டால் பிழை சுமார் 2.5 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். 18.7 விட்டால் சுமார் 10 சதவீதம்.

அதையும் பார்த்துவிடுவோம். 4x² + 0.14x − 0.14 = 0 என்பதைத் தீர்த்தால் x = 0.170. NO2-இன் பகுதி அழுத்தம் 0.34 அட்மாஸ்பியர், x-ஐத் தூக்கியவருக்குக் கிடைத்திருப்பது 0.37. இருபடி பிடிக்காதவர்கள், 0.187-ஐக் கீழே உள்ள 1 − x-இல் போட்டுப் புதிய x-ஐக் கண்டுபிடிக்கலாம். 0.169 வரும். அதையும் போட்டால் 0.171, அப்புறம் 0.170-இல் நின்றுவிடும்.

K-ஐ மட்டும் பார்த்து முடிவெடுப்பது

"K சின்னது, அதனால் x சின்னது" என்பது பாதி உண்மைதான். அதே 0.14, ஆனால் தொடக்க அழுத்தம் 0.1 அட்மாஸ்பியர் என்று வையுங்கள். x-ஐத் தூக்கினால் 0.059 வரும், அதாவது 59 சதவீதம். சரியான விடை 0.044. அழுத்தம் குறையக் குறைய N2O4 அதிகப் பங்கு பிரியும், வாயு மூலக்கூறுகள் ஒன்றிலிருந்து இரண்டாகும் வினை அல்லவா! K-ஐத் தொடக்க அளவோடு ஒப்பிட்டுத்தான் சின்னதா பெரியதா என்று சொல்ல முடியும்.

மொத்த அழுத்தம் மாறாது என்று நினைப்பது

கலனின் கனஅளவுதான் மாறவில்லை. முதல் கணக்கில் மொத்த அழுத்தம் 1 + x, அதாவது 1.17 அட்மாஸ்பியர்.

Kp கணக்கில் மோல்களைப் போடுவது

போடாதீர்கள். பகுதி அழுத்தம் மட்டும்.

குறி

இரண்டு வாயுக்களும் தொடக்கத்திலேயே இருந்தால், முதலில் வினைக்குணகம் Q-ஐக் கணக்கிடுங்கள். அது K-ஐ விடப் பெரிதாக இருந்தால் வினை பின்னோக்கிப் போகும், NO2 பக்கம்தான் −2x வரும்.