விற்பனை 10% குறைந்தால் லாபமும் 10% தான் குறையுமா?

நிலைச் செலவு அதிகமுள்ள தொழில்களின் கணக்கில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. "நம்ம லாபம் விற்பனையில் 10%. விற்பனை கொஞ்சம் இறங்கினால் லாபமும் அந்த அளவுக்குத்தான் இறங்கும்" என்று எண்ணிக்கொள்வது.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 100. தாளுக்கும் மைக்கும் 40 போகிறது. வேலை கூடினால் இதுவும் கூடும். வாடகை, சம்பளம், இயந்திரத் தேய்மானம் சேர்ந்து 50. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் இந்த 50 அசையாது. மிச்சம் 10.

அடுத்த மாதம் ஆர்டர் 10% குறைகிறது. விற்பனை 90, தாள், மை 36, நிலைச் செலவு அதே 50. லாபம் 4. அதாவது 60% சரிவு. ஆர்டர் 10% கூடியிருந்தால் லாபம் 16 ஆகியிருக்கும், 60% ஏற்றம். இந்த ஆறு மடங்கைத்தான் ஆபரேட்டிங் லீவரேஜ் என்கிறோம். விற்பனையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் கிடைக்கும் 60-ஐ லாபம் 10-ஆல் வகுத்தாலே அது வந்துவிடும்.

இதைக் கற்றவர்கள் செய்யும் தவறு வேறு. "எங்கள் லீவரேஜ் ஆறு" என்று ஒருமுறை குறித்துக்கொண்டு, அதையே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவார்கள். அது ஒரே இடத்தில் நிற்கும் எண் அல்ல. விற்பனை 90-க்கு வந்ததும் 54-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும், பதிமூன்றரை மடங்கு. விற்பனை 150 என்றால் 90-ஐ 40-ஆல் வகுக்கிறோம், இரண்டேகால் மடங்குதான். லாபமும் நட்டமும் இல்லாத புள்ளியை, இங்கே சுமார் 83-ஐ, நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். அதனால் போன வருட எண்ணை வைத்து மந்தமான மாதத்தைக் கணித்தால் சரிவின் வேகம் தெரியாமலே போகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தள்ளுபடி. இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று 10% விலை குறைப்பார்கள். ஆர்டர் குறைந்து விற்பனை 90 ஆனபோது தாள் செலவும் குறைந்தது. விலை குறைந்து 90 ஆனால் அதே தாள், அதே மை, 40 அப்படியே போகும். 90-இல் 40-உம் 50-உம் போனால் மிச்சம் பூஜ்யம். பழைய லாபம் 10-ஐ மீட்க மட்டும் 20% கூடுதல் வேலை வேண்டும்: 100 வேலைக்கு 60 மிஞ்சிய இடத்தில் இப்போது 50 தான் மிஞ்சுகிறது, 120 வேலை செய்தால்தான் 60 வரும். தள்ளுபடியை அறிவிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 20% ஆர்டர் எந்த வாடிக்கையாளரிடமிருந்து வரும், இப்போதுள்ள இயந்திரமே அதைத் தாங்குமா என்பதுதான். தாங்காமல் இரண்டாவது இயந்திரம் வாங்கினால், நிலைச் செலவு 50-இல் நிற்காது.